சென்சார் குழாயில் தண்ணீரை அடைத்து நிறுத்துவது யார்?

பொதுக் கழிப்பறையில் கையை நீட்டினால் தண்ணீர் வருகிறது, எடுத்தால் நிற்கிறது. யூரினல் முன்னால் ஆள் நின்றுவிட்டு நகர்ந்தால் தானாகவே கழுவிக்கொள்கிறது. பார்ப்பவர்கள் பெரும்பாலும் இது முழுக்க மின்னணு வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் பழுது வந்ததும் முதல் சந்தேகம் சென்சார் மேல்தான் விழுகிறது. சென்சாரைக் கழற்றிப் புதிதாகப் போடுகிறார்கள்; பழுது அப்படியே இருக்கிறது. உண்மையில் இந்தக் கருவிகளில் கோளாறு அதிகம் பிறக்கும் இடம் தண்ணீர் ஓடும் பக்கம். அது ஏன் என்று புரிய, உள்ளே இருக்கும் சோலினாய்டு வால்வு எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும். மின்சாரம், வடிகட்டி இரண்டும் அந்த ஒரு விஷயத்திலிருந்தே விளங்கிவிடும்.

சென்சாரின் பங்கு சின்னது, அதை முதலில் முடித்துவிடலாம். கறுப்பான கண்ணாடித் துண்டு போல் தெரியும் இடத்துக்குப் பின்னால் இரண்டு பாகங்கள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக வெளியே அனுப்பும். மற்றொன்று, அந்த ஒளி எதன் மீதாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். திரும்பி வந்தால் ஆள் இருக்கிறார் அல்லது கை இருக்கிறது என்று அர்த்தம். குழாயில் கை இருக்கும்வரை தண்ணீர் வர வேண்டும். யூரினலில் அப்படி இல்லை. ஆள் சில நொடிகள் நின்றாரா என்று பார்த்துவிட்டு, அவர் நகர்ந்த பிறகுதான் முழுக்கழுவல் நடக்கும். அதனால்தான் முன்னால் சும்மா கடந்து போகிறவர்களுக்கு யூரினல் தண்ணீர் விடுவதில்லை. முடிவெடுப்பதோடு சென்சாரின் வேலை சரி. தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் வால்வின் பொறுப்பு.

பதினாறு கிராமும் இரண்டு கிலோவும்

வால்வுக்குள் டயஃப்ரம் என்ற வட்டமான ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வாயின் மேல் இது தட்டையாகப் படுத்திருக்கும். உள்ளே வரும் தண்ணீர் இந்தச் சவ்வின் அடிப்பக்கம், வாயைச் சுற்றியுள்ள வளையம் போன்ற இடத்தில் நிற்கிறது. சவ்வில் மிகச் சின்னத் துளை ஒன்று உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் மெதுவாகக் கசிந்து மேலே ஏறி, சவ்வுக்கு மேலே இருக்கும் அறையையும் நிரப்பிவிடும். இதைக் கசிவுத்துளை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. சவ்வின் மேல்பரப்பு 3 சதுர சென்டிமீட்டர், வெளியேறும் வாயின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், தண்ணீரின் அழுத்தம் 2 பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பார் என்பது சுமாராகச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை. மேலறையில் இருக்கும் தண்ணீர் சவ்வை 6 கிலோ எடைக்குச் சமமாகக் கீழே அழுத்துகிறது. கீழே இருக்கும் தண்ணீரோ வாயை விட்டு மீதியுள்ள 2 சதுர சென்டிமீட்டரில்தான் மேல்நோக்கித் தள்ளுகிறது. அது 4 கிலோ. ஆக, 2 கிலோ எடை சவ்வை வாயின் மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உதவிக்கு ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் இருக்கும். குழாயை மூடி வைத்திருப்பது மின்சாரம் இல்லை, தண்ணீரின் சொந்த அழுத்தம்தான்.

இதைத் திறக்க 2 கிலோவையும் எதிர்த்துச் சவ்வைத் தூக்க வேண்டுமே என்று தோன்றும். அங்கேதான் இந்த வடிவமைப்பின் அழகு. மேலறையிலிருந்து வெளியேறும் பக்கத்துக்கு இன்னொரு சின்னத் துளை போகிறது. இது பைலட் துளை. இதை ஒரு சிறிய இரும்புத் தண்டு, நுனியில் ரப்பரோடு, அடைத்துக்கொண்டு நிற்கிறது. சோலினாய்டு என்று நாம் சொல்வது இந்தத் தண்டையும் அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளையும்தான். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தண்டு மேலே இழுபடும், பைலட் துளை திறக்கும், மேலறைத் தண்ணீர் வடிந்துவிடும். மேலே அழுத்தம் விழுந்தவுடன் கீழே இருக்கும் தண்ணீரே சவ்வைத் தூக்கிவிட்டு வெளியே பாய்கிறது.

பைலட் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 0.8 சதுர மில்லிமீட்டர். 2 பார் அழுத்தத்தில் அந்தத் தண்டின் மேல் விழும் சுமை கிட்டத்தட்ட 16 கிராம். தண்டின் ஸ்பிரிங்கையும் சேர்த்தாலும் சின்ன வேலைதான். இரண்டு கிலோ வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது, சுருள் சில கிராம் வேலையை மட்டும் பார்க்கிறது. சின்னப் பேட்டரியால் இவ்வளவு பெரிய நீரோட்டத்தைக் கட்டுப்படுத்த முடிவது இதனால்தான்.

மூடும்போது இதே கதை தலைகீழ். தண்டு இறங்கிப் பைலட் துளையை அடைக்கும். கசிவுத்துளை வழியாக மேலறை மறுபடி நிரம்பும். அழுத்தம் ஏறியதும் சவ்வு வாயின் மேல் உட்கார்ந்துவிடும். கையை எடுத்த பிறகும் ஒரு கணம் தண்ணீர் வந்து நிற்பதற்கு, மேலறை நிரம்ப எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு: கசிவுத்துளை பைலட் துளையைவிடச் சிறியதாக இருந்தே ஆக வேண்டும். வடிவதைவிட வேகமாக மேலறை நிரம்பினால் வால்வு திறக்கவே திறக்காது. இந்தச் சிறிய துளையை மறக்காதீர்கள், பழுதுக் கதையில் முக்கியப் பாத்திரம் அதுதான்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மூடுவதே அழுத்தத்தை நம்பி என்பதால், அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் இந்த வகை வால்வு ஒழுங்காக வேலை செய்யாது. பல மாடல்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும். தொட்டியில் தண்ணீர் மட்டம் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் கிடைக்கும், அப்படியானால் 0.5 பாருக்கு 5 மீட்டர் வேண்டும். தொட்டி தலைக்கு மேலே இரண்டு மீட்டரில் இருக்கிறது என்றால் கிடைப்பது 0.2 பார்தான். அங்கே குழாய் சரியாக மூடாமல் ஒழுகினால் வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த வால்வைப் போட வேண்டும், இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டும்.

மின்சாரம்: பிடித்து வைப்பதா, தட்டி விடுவதா

சோலினாய்டில் இரண்டு வகை. முதல் வகையில் தண்டு மேலே இருக்க வேண்டுமென்றால் மின்சாரம் தொடர்ந்து ஓட வேண்டும். நிறுத்தினால் ஸ்பிரிங் தண்டைக் கீழே தள்ளி மூடிவிடும். அடாப்டரில் ஓடும் கருவிகளில் இதைப் பார்க்கலாம். இரண்டாவது வகையில் உள்ளே ஒரு நிலைக்காந்தம் இருக்கிறது. ஒரு திசையில் ஒரு சின்ன மின்துடிப்பு கொடுத்தால் தண்டு மேலே போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். எதிர்த் திசையில் இன்னொரு துடிப்பு கொடுத்தால் விட்டுவிட்டுக் கீழே இறங்கும். இடையில் மின்சாரமே தேவையில்லை. இதை லாட்சிங் வகை என்பார்கள். பேட்டரியில் ஓடுபவை எல்லாம் ஏறக்குறைய இதுதான்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒருவர் பத்து நொடி கை கழுவுகிறார். பிடித்து வைக்கும் வகைச் சுருள் கால் ஆம்பியர் எடுத்தால், அந்தப் பத்து நொடிக்கும் எடுத்தாக வேண்டும். லாட்சிங் வகை அரை ஆம்பியர் எடுத்தாலும், திறக்க ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு, மூட அதே அளவு, அவ்வளவுதான். கணக்குப் போட்டால் நூறு மடங்கு வேறுபாடு. அதனால்தான் நான்கு சின்னப் பேட்டரிகள் மாதக்கணக்கில் தாங்குகின்றன. சென்சார் நாள் முழுவதும் துடித்துக்கொண்டே இருப்பதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்.

வழக்கமான அமைப்பு 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி நான்கு, மொத்தம் 6 வோல்ட். இதில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிகளைப் போடுவது நல்ல யோசனை இல்லை. அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், நான்கும் சேர்ந்தால் 4.8. முழுசாக ஏற்றியிருந்தாலும் கருவி அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டலாம். அதேபோல் நான்கில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையது ஒன்று இருந்தாலும் துடிப்பு நேரத்தில் மொத்த வோல்ட்டும் சரிந்துவிடும். மீட்டர் வைத்துச் சும்மா அளந்தால் நன்றாகக் காட்டும் பேட்டரி, சுருள் இழுக்கும் அந்தக் கணத்தில் படுத்துவிடுவது சகஜம். அளப்பதென்றால் யாராவது கையைக் காட்டி வால்வைத் தட்டச் செய்யும்போது அளக்க வேண்டும்.

மின்தடை வந்தால் என்ன ஆகும்? பிடித்து வைக்கும் வகை தானாக மூடிக்கொள்ளும். லாட்சிங் வகை திறந்த நிலையில் இருக்கும்போது மின்சாரம் போனால் திறந்தே நிற்கும். இதற்காகத்தான் நல்ல கருவிகளில் ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். கடைசியாக ஒரு மூடும் துடிப்பு கொடுக்கும் அளவு மின்சாரத்தை அது சேமித்து வைத்திருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது. பேட்டரி தீர்ந்தால் மூடுகிறதா, திறந்தே விடுகிறதா? ஆளில்லாத இரவில் திறந்து கிடக்கும் யூரினல் தொட்டியையே காலி செய்துவிடும்.

அடாப்டர் போடுவதானால், அதைக் கழுவுதொட்டிக்கு நேர் கீழே, இணைப்புகள் ஒழுகக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். ஒதுக்குப்புறமாக, உயரத்தில், மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

வடிகட்டி எதைக் காக்கிறது

வால்வுக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில், இணைப்பைக் கழற்றினால் தெரியும் சின்னச் சல்லடைதான் வடிகட்டி. சில மாடல்களில் இது, சுவரிலிருந்து வரும் தண்ணீரைக் கையால் திருகி மூடும் ஆங்கிள் வால்வுக்குள் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பொருள். அது தண்ணீரைச் சுத்தமாக்குவதற்காக அங்கே இல்லை. அது காப்பது அந்தக் கசிவுத்துளையையும் பைலட் துளையையும். சல்லடையின் கண்கள் அந்தத் துளைகளைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. சல்லடையைத் தாண்டி வந்தது எதுவானாலும் துளையையும் தாண்டிப் போய்விட வேண்டும்.

அடைப்பு சேரச் சேரத் தண்ணீர் மெலிந்து வரும். அப்போது சிலர் சல்லடையைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உடனே தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும், பழுது தீர்ந்தது போலத் தோன்றும். அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு வரிசை யூரினல்களை வைத்தே பார்க்கலாம்.

ஐந்து யூரினல்கள் ஒரே குழாயில் இருக்கின்றன. முந்தின நாள் அந்தக் குழாயை அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். அறுத்த பிளாஸ்டிக் தூளும், குழாய்க்குள் இத்தனை நாள் ஒட்டியிருந்த துருவும் மணலும் தண்ணீரோடு புறப்பட்டுவிட்டன. மறுநாள் காலை நிலவரம் இது. முதலாவது நன்றாக இருக்கிறது. இரண்டாவதில் தண்ணீர் நூல் போல வருகிறது. மூன்றாவது நிற்காமல் ஓடுகிறது. நான்காவது கழுவி முடித்த பிறகும் மெல்லிய ஒழுக்கு விடுகிறது. ஐந்தாவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதில் ஒரு விசித்திரம்: ஆள் நின்றுவிட்டு நகர்ந்தால் சில நொடி நிற்கிறது, பிறகு மறுபடி ஓட ஆரம்பிக்கிறது.

இப்படி ஒரு வரிசையைச் சோதிக்கும்போது கருவி எதுவும் எடுக்காமல் முதலில் காதைக் கொடுக்க வேண்டும். தண்டு ஏறும்போதும் இறங்கும்போதும் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். யூரினலில் நகர்ந்ததும் ஒரு டிக், சில நொடி கழித்து இன்னொரு டிக். இரண்டும் கேட்டால் சென்சார், பேட்டரி, சுருள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. பழுதை முதலில் தண்ணீர்ப் பக்கம் தேடுங்கள். டிக் சத்தமே இல்லையென்றால்தான் பேட்டரி, இணைப்பு, சென்சார் என்று மின்பக்கம் போக வேண்டும்.

இந்த ஐந்திலும் டிக் கேட்கிறது. இரண்டாவதைக் கழற்றினால் சல்லடை முழுவதும் பிளாஸ்டிக் தூள். அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. கழுவிப் போட்டால் தீர்ந்தது. மூன்றாவதிலும் நான்காவதிலும் சல்லடையே இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். மூன்றாவதில் ஒரு மணல்துகள் கசிவுத்துளையில் சிக்கிவிட்டது. தண்டு கீழே இறங்கினாலும் மேலறை நிரம்ப வழியில்லை, அழுத்தம் ஏறவில்லை, சவ்வு உட்காரவில்லை. நான்காவதில் துகள் சவ்வுக்கும் வாயின் விளிம்புக்கும் நடுவே மாட்டியிருக்கிறது. சவ்வு மூடிவிட்டது, ஆனால் அந்த ஒரு இடத்தில் இடுக்கு. அதனால் ஒழுக்கு. ஒரே மணல், போய் உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து இரண்டு வேறு நோய்கள். பைலட் துளையில் போய் அடைத்திருந்தால் மூன்றாவது நோய் வந்திருக்கும்: டிக் கேட்கும், தண்ணீர் வராது.

ஐந்தாவது மட்டும் விதிவிலக்கு: டிக் கேட்டும் பழுது மின்பக்கம். அங்கே வேலை செய்தபோது வால்வுக்குப் போகும் இரண்டு கம்பிகளை வெட்டி, திரும்ப ஒட்டும்போது மாற்றி ஒட்டிவிட்டார்கள். லாட்சிங் வால்வுக்குத் துடிப்பின் திசைதான் கட்டளை. கம்பி மாறினால் திற என்பது மூடு ஆகிவிடும், மூடு என்பது திற ஆகிவிடும். அதனால்தான் கழுவ வேண்டிய நேரத்தில் நிற்கிறது, நிற்க வேண்டிய நேரத்தில் ஓடுகிறது. மூன்றாவதையும் ஐந்தாவதையும் சும்மா எட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே பழுது போலத்தான் தெரியும். டிக் சத்தத்தோடு சேர்த்துத் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு சுற்று பொறுமையாகக் கவனித்தால்தான் பிரித்தறிய முடியும்.

கழற்றிச் சுத்தம் செய்யும்போது

ஆங்கிள் வால்வை மூடுங்கள். அப்புறம் சென்சார் முன்னால் ஒருமுறை நின்று நகர்ந்து, உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை வடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இணைப்பைத் திருகினால் முகத்தில் அடிக்கும். இணைப்பைக் கழற்றிச் சல்லடையை எடுத்து, தண்ணீர் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து கழுவுங்கள்; மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகரிலோ சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரிலோ அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். சல்லடையை மாட்டுவதற்கு முன், கழற்றிய குழாயின் முனையில் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வைச் சில நொடி திறந்து மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் தூள் வாளியில் விழட்டும். குழாய் வேலை நடந்த பிறகு இதைச் செய்திருந்தால் மேலே சொன்ன மணல் நோய்கள் வந்தே இருக்காது.

சவ்வைத் திறக்க வேண்டியிருந்தால், வழக்கமாக நான்கு திருகுகள் இருக்கும். திறக்கும்போது ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது, சவ்வின் எந்த முகம் மேலே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கசிவுத்துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியோ ஊதியோ வெளியேற்றுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் மேலறை வேகமாக நிரம்பி வால்வு படீரென்று மூடும், குழாய் முழுவதும் அதிரும். அதற்கும் மேலே பெரிதாகிப் பைலட் துளையை மிஞ்சிவிட்டால் வால்வு திறக்கவே மறுக்கும், புதுச் சவ்வுதான் வாங்க வேண்டும். வாயின் விளிம்பை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். துகள் இருந்தால் உறுத்தும். மூடும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் சவ்வு சமமாக அமரும்.

கடைசியாகப் பேட்டரியை மாட்டும்போது சென்சார் முன்னால் கையோ தலையோ இருக்க வேண்டாம். சில மாடல்கள் மின்சாரம் கிடைத்த முதல் சில நொடிகளில் எதிரே இருப்பதை அளந்து, அதையே காலியான இடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் குனிந்து நின்றிருந்தால் உங்கள் தலையைச் சுவர் என்று எடுத்துக்கொள்ளும், பிறகு வருகிறவர்களைக் கண்டுகொள்ளாது. அப்படி ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி, கருவியில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும்வரை சற்றுப் பொறுத்து, ஒதுங்கி நின்று மறுபடி மாட்டுங்கள்.